டாக்ஸிக்குப் பின்னால் மறைந்துபோகும் பைக்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் டிரைவ் மாதிரி ஒரு சாலை. பைக்கில் நேராகப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். ரோபோ சிக்னல் பச்சை. எதிரே ஒரு கார் சந்திப்பின் நடுவில், வலப்பக்கம் திரும்புவதற்காக இன்டிகேட்டர் போட்டு நிற்கிறது. உங்களுக்கு முன்னால் ஒரு மினிபஸ் டாக்ஸி. டாக்ஸி கடந்ததும் கார் சட்டென்று திரும்புகிறது, நேராக உங்கள் முன்னால். கார்க்காரர் அப்புறம் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "பைக்கைப் பார்க்கவே இல்லை." பெரும்பாலும் அது பொய் இல்லை.

அவர் பார்க்காததற்கு முதல் காரணம் கண்ணில் இருக்கிறது. எதிரே வரும் வண்டி நெருங்குகிறது என்பதை, அதன் உருவம் பெரிதாவதை வைத்துத்தான் மூளை கணிக்கிறது. அந்த விரிவு ஓரளவு வேகமாக இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். மெதுவாக விரிந்தால் வண்டி அசையாமல் நிற்பது போலத்தான் இருக்கும். இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமுள்ள மினிபஸ் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், சுமார் 100 மீட்டர் தொலைவிலேயே, அதாவது 6 விநாடி முன்பே, நெருங்குவது புரிந்துவிடும். 80 சென்டிமீட்டர் அகலமுள்ள பைக்குக்கு அதே கணக்கைப் போட்டால் 65 மீட்டர், 4 விநாடிதான். திரும்புவதற்குச் சுமார் 4 விநாடி இடைவெளி போதும் என்று கார்க்காரர் முடிவு செய்யும் நேரமும் அதுவே. இன்னும் வேகமாகப் போனால் நிலைமை மோசம்: 90-ல் வரும் பைக் 80 மீட்டரில் புரியத் தொடங்கும், ஆனால் மிச்சமிருப்பது மூன்றேகால் விநாடி.

இதெல்லாம் அவர் கண்ணில் நீங்கள் பட்டால். டாக்ஸிக்குப் பின்னால் இருந்தால் படுவதே இல்லை. இங்கேதான் லேனில் எந்த இடத்தில் ஓட்டுகிறீர்கள் என்பது விஷயமாகிறது.

லேன் மூன்றரை மீட்டர் அகலம், டாக்ஸி அதன் நடுவில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 20 மீட்டர் பின்னால், 60-ல். எதிரே நிற்கும் காரில் ஸ்டியரிங் வலப்பக்கம், ஆகவே ஓட்டுபவரின் கண் நடுக்கோட்டுக்கு அருகில், அதற்கு அப்பால் முக்கால் மீட்டரில் இருக்கிறது. டாக்ஸியின் வலது பின்மூலையை உரசிக்கொண்டுதான் அவர் பார்வை உங்கள் பக்கம் வர முடியும். லேனின் இடது ஓரத்தில் நீங்கள் இருந்தால், 34 மீட்டர் தூரம் வரும்வரை அவருக்குத் தெரியமாட்டீர்கள். அது இரண்டே விநாடி. 60-லிருந்து பைக்கை நிறுத்த, சுதாரிக்கும் ஒரு விநாடியையும் சேர்த்து, ஏறக்குறைய 37 மீட்டர் வேண்டும். லேனின் நடுவில் இருந்தால் 52 மீட்டர், மூன்று விநாடி. வலது பக்கம், நடுக்கோட்டிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருந்தால்? டாக்ஸி 150 மீட்டர் தள்ளி இருக்கும்போதே நீங்கள் அவர் பார்வைக் கோட்டுக்குள் வந்துவிடுகிறீர்கள். சுமார் இரண்டு மீட்டர் நகர்ந்ததற்கு இது பெரிய லாபம். உங்களுக்கும் அந்தக் காரும் அதன் இன்டிகேட்டரும் முன்கூட்டியே தெரியும்.

ஓரமாகப் போ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லும் புத்திமதி சைக்கிளுக்குச் சரியாக இருக்கலாம். இந்த இடத்தில் எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஆனால் வலது பக்கம் நிரந்தர இடம் இல்லை. டாக்ஸி ஆள் ஏற்ற இடப்பக்கம் ஒதுங்கும்போது அதன் பின்னாலிருக்கும் வெற்றிடம் எதிரே நிற்பவருக்கு அழைப்பு மாதிரி தெரியும். அந்த நேரம் ஆக்ஸிலரேட்டரை விடுங்கள், பிரேக்கில் விரல் வையுங்கள். முன்னால் மறைப்பு ஏதும் இல்லையென்றால் நடுக்கோட்டை ஒட்டி ஓட்டுவதால் அவ்வளவு பயன் கிடையாது. திரும்பும் காரின் மூக்குக்குத்தான் பக்கமாகிறீர்கள். அப்போது லேனின் நடுவுக்குப் போங்கள், சீராக, சற்று வலமிடமாக நகர்ந்தபடி. நேர்கோட்டில் வரும் பைக்கின் பிம்பம் பின்னணியில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பக்கவாட்டு அசைவு அந்த ஒட்டலைப் பிரித்துவிடும்.

இரட்டை லேன் சாலையில் இன்னொரு கண்ணி உண்டு. வலது லேனில் ஒரு டாக்ஸி, இடது லேனில் அதற்குப் பக்கத்திலேயே நீங்கள். சந்திப்பை நெருங்க நெருங்க, காரிலிருந்து பார்ப்பவருக்கு டாக்ஸி உங்களை மறைத்துவிடலாம். முன்னே போகலாம், இல்லை பின்னே விழலாம்; சந்திப்பைச் சேர்ந்தே கடக்கக் கூடாது.

ஹெட்லைட்டை விட்டுவிட்டு எரிப்பதைப் பலர் எச்சரிக்கை என்று நினைக்கிறார்கள். எதிரே நிற்பவர் அதை "நீ போ" என்று எடுத்துக்கொள்ளலாம், ஆகவே சந்திப்பில் அதைச் செய்யாமல் இருப்பது மேல். ஓட்டுபவரின் முகத்தையும் நம்ப வேண்டாம், உங்களை நேராகப் பார்த்தபடியே திரும்புபவர்கள் இருக்கிறார்கள். முன்சக்கரத்தைப் பாருங்கள். கார் நகர்வது உடம்பில் தெரிவதற்கு முன்பே சக்கரத்தின் ரிம் சுழல்வது தெரியும்.