கறுப்புப் பட்டியோடு பெரிதாக்காதீர்கள்: பழைய கலியாண வீடியோவில் லெவல் பிழைக்கும் இடம்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்க ஸ்ரூடியோக்களுக்கு வரும் பழைய விஎச்எஸ் கசெற்றுகளில் கலியாணமும் சாமத்தியவீடும் கோயில் திருவிழாவும்தான் அதிகம். இடப்பெயர்வுகளைத் தாண்டி வந்தவை என்பதால் பலவற்றுக்கு வேறு கொப்பி கிடையாது. கணினியில் ஏற்றிய கையோடு அப்படியே அப்ஸ்கேல் மென்பொருளில் போட்டு நான்கு மடங்கு பெரிதாக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். முகம் கொஞ்சம் தெளியும். ஆனால் படம் முழுக்கப் புகை மூடியதுபோல் வெளிறிக் கிடக்கும், வெள்ளை வேட்டியில் மடிப்பே தெரியாது, மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டியின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு மினுங்கும். மென்பொருளை மாற்றிப் பார்த்தாலும் இது போகாது. அதற்குக் கொடுத்த படத்திலேயே குறை இருக்கிறது.

நம் நாட்டுக் கசெற்றுகள் PAL எனப்படும் பால் ஒளிபரப்பு முறையில் பதிவானவை. கணினிக்கு வந்தால் 720 × 576 பிக்சல், நொடிக்கு 25 சட்டகம். சினிமாப் படம்போல் அகலமாகத் தெரியட்டும் என்று கமராவிலோ மிக்சரிலோ பட்டி போட்டிருந்தால் மேலே 72 வரி, கீழே 72 வரி கறுப்பு. நடுவில் 432 வரிதான் உண்மையான படம். சட்டகத்தில் கால்வாசி வெறும் கறுப்பு.

அந்தக் கால்வாசியைக் கணக்கிடும் நேரம் வீணாவது சின்ன விஷயம். தானாக ஒளியைச் சரிசெய்யும் வசதிகள் சட்டகத்தில் மிக இருண்ட இடத்தைத் தேடி அதையே கறுப்பு என்று எடுத்துக்கொள்கின்றன என்பதுதான் பெரிய வில்லங்கம். ஒரு கலியாணக் கசெற்றை எடுத்துக்கொள்வோம். ஒளியை 0 முதல் 255 வரை அளந்தால், மிக்சர் போட்ட பட்டியின் ஒளி அளவு 26. பல தடவை கொப்பி அடிபட்டதில் படத்துக்குள் இருக்கும் கறுப்பு, அதாவது மாப்பிள்ளையின் தலைமயிர், 34-க்கு ஏறி நிற்கிறது. மென்பொருள் பட்டியைப் பார்த்து ‘கறுப்பு இங்கே இருக்கிறது’ என்று முடிவெடுக்கும். தலைமயிர் சாம்பலாகவே மிஞ்சும். பட்டியின் கூரான விளிம்பையும் ஏதோ ஒரு பொருளின் விளிம்பு என்று எண்ணிக் கூர்மையாக்கும். மினுங்கும் கோடு அப்படித்தான் வருகிறது.

ஆகவே முதலில் ஒன்றுவிட்டு ஒன்று கோர்த்திருக்கும் மேல், கீழ்ப் புலங்களின் வரிப்பின்னலைப் பிரிக்க வேண்டும், பிறகு பட்டியை வெட்ட வேண்டும், அதன்பின் கறுப்பையும் வெள்ளையையும் உரிய அளவில் நிறுத்தும் லெவல், கடைசியில்தான் அப்ஸ்கேல். பின்னலைப் பிரிக்காமல் ஒற்றைப்படை வரியில் வெட்டினால் மேல் புலமும் கீழ்ப் புலமும் இடம்மாறி, நடப்பவர் முன்னும் பின்னும் துள்ளுவார். அசைவு எதிலும் அந்தத் துள்ளல் தெரிந்தால் வேறெதையும் தொடாமல் இதைத் திருத்துங்கள்.

வெட்டும் அளவைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். கட்டளை எழுதி இயக்கும் வீடியோ மென்பொருளான ffmpeg-இல், பட்டியைக் கண்டுபிடித்து வெட்டும் அளவைச் சொல்லும் cropdetect இருக்கிறது. ஆனால் விஎச்எஸ்ஸில் அது இரண்டு இடத்தில் ஏமாறும். இந்த ஒளி அளவுக்குக் கீழே இருப்பதுதான் கறுப்பு என்று அது கொள்ளும் இயல்பு வரம்பு 24. நம் பட்டி 26 என்பதால் அதற்குப் பட்டியே தெரியாது, `crop=704:576:8:0` என்று முழு உயரத்தையும் கொடுத்துவிடும்; இந்த எண்கள் வரிசையாக அகலம், உயரம், இடப்பக்கம் விடுவது, மேலே விடுவது. வரம்பை 32-க்கு ஏற்றினால் மேல்பட்டி அகப்படும், கீழ்ப்பட்டி அகப்படாது. விடை `crop=704:504:8:72` என்று வந்தால் காரணம் இதுதான்: கசெற் ஓடும்போது ஹெட் மாறும் இடத்தில் சட்டகத்தின் அடி வரிகளில் ஒரு கிழிசல் வெள்ளையாக ஓடும். அதைப் படம் என்று நினைத்து cropdetect அங்கேயே நின்றுவிடும். அடியில் 12 வரியை முன்கூட்டியே வெட்டிவிட்டு அளக்கச் சொல்லுங்கள்:

```
ffmpeg -ss 600 -t 60 -i kalyanam.avi -vf "bwdif,crop=iw:ih-12:0:0,cropdetect=limit=32:round=2:reset=0" -f null -
```

அளக்கும் ஒரு நிமிடம் வெளிச்சமான காட்சியாக இருக்கட்டும். வற்றாப்பளைப் பொங்கல் போன்ற இரவுக் காட்சியில் அளந்தால், இருட்டையும் பட்டி என்று எண்ணி ஆட்களின் தலையையே வெட்டச் சொல்லும். நல்ல காட்சியில் `crop=704:432:8:72` வரும். பக்கத்துக்கு 8 பிக்சல் கறுப்பு இருப்பது பால் பதிவில் வழமையானதுதான்.

அந்த அளவிலேயே நிற்கவும் கூடாது. பட்டியும் படமும் சேரும் இடத்தில் இரண்டு மூன்று வரி கலங்கியிருக்கும். இன்னும் கொஞ்சம் உள்ளே வந்து `crop=704:422:8:76` என்று வெட்டினால் விளிம்பு சுத்தமாகும், 16:9 வடிவத்துக்கும் பொருந்தும்.

இனி லெவல். பட்டி போன பிறகு மிஞ்சிய படத்தை மட்டும், ஒளி அளவைக் காட்டும் அலைவரைபடத்தில் பாருங்கள்:

```
ffplay -ss 600 -i kalyanam.avi -vf "bwdif,crop=704:422:8:76,waveform=graticule=green"
```

வீடியோவில் கறுப்பு 16-இலும் வெள்ளை 235-இலும் நிற்க வேண்டும். நம் கசெற்றில் அடி 34, உச்சி 246. வெயிலில் நின்ற வேட்டி 235-ஐத் தாண்டிவிட்டது, ஆனால் மடிப்பு இன்னும் அழியவில்லை. இதை அப்படியே அப்ஸ்கேலருக்குக் கொடுத்தால், அது ஆர்ஜிபிக்கு மாற்றும்போது 235-க்கு மேலுள்ளதெல்லாம் ஒரே வெள்ளையாகத் தட்டையாகும். பிறகு எந்தச் சொடுக்கும் மடிப்பைத் திருப்பித் தராது. லெவலை முன்னாலேயே செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

கணக்குப் போட்டால் ஒன்று தெரியும். 34 முதல் 246 வரை 212 படி, இருக்க வேண்டியது 219. விரிவு ஏறக்குறைய 3 சதவீதம்தான், மிச்சமெல்லாம் படத்தைக் கீழே இறக்குவது. வெளிறிய படத்தைக் கண்டதும் கொன்ராஸ்ற்றைக் கூட்டும் பழக்கம் இங்கே வேட்டியைத்தான் எரிக்கும். 10 பிட்டில் செய்தால் நிறப் படிகள் உடையாது. அப்போது எண்கள் நான்கு மடங்காகும்:

```
ffmpeg -i kalyanam.avi -vf "bwdif,crop=704:422:8:76,format=yuv422p10,lutyuv=y='clip((val-136)*876/848+64,64,940)'" -c:v prores_ks -profile:v 3 -c:a copy kalyanam_cut.mov
```

இந்த 136-ஐயும் 848-ஐயும் அடுத்த கசெற்றுக்குப் பாவிக்காதீர்கள், ஒவ்வொன்றையும் அளக்க வேண்டும். ஒரே கசெற்றுக்குள்ளும் வீட்டுக்குள் லைற் போட்டு எடுத்ததும் வெளியே வெயிலில் எடுத்ததும் வேறு வேறு. மயிரெல்லாம் ஒரே கரித் திட்டாக வந்தால் கறுப்பை அளவுக்கு மிஞ்சி இறக்கிவிட்டீர்கள், அல்லது மென்பொருள் ஏற்கனவே ஒருமுறை விரித்ததை நீங்கள் இரண்டாம் முறை விரித்துவிட்டீர்கள்.

நான்கு மடங்கு பெரிதாக்கினால் 2816 × 1688 வரும். பால் பிக்சல் சதுரமானதல்ல, அகலம் 16-க்கு 15 என்ற விகிதத்தில் கூட. அதனால் அப்படியே பார்த்தால் பெண்ணும் மாப்பிள்ளையும் மெலிந்து நிற்பார்கள். கடைசியில் `scale=1920:1080,setsar=1` போட்டால் முகம் சரியான அகலத்துக்கு வரும், புது ரீவியில் பட்டியில்லாமல் நிறையும்.

பாட்டுக் காட்சிக்கு மட்டும் பட்டி போட்டுத் தொகுத்த கசெற்றுகளும் வரும். reset=0 என்று முழுக் கசெற்றையும் அளந்தால் பட்டியில்லாத பகுதியை வைத்துத்தான் விடை வரும். அவற்றைத் துண்டாகப் பிரித்து, துண்டுக்குத் துண்டு தனியாக வெட்டுங்கள். சில ஸ்ரூடியோக்கள் கீழ்ப்பட்டியிலேயே திகதியையும் ஊரையும் எழுதியிருக்கும். வெட்டினால் அதுவும் போய்விடும், எனவே வெட்டமுன் அதைக் கோப்பின் பெயரில் எழுதுங்கள். முதலில் ஏற்றிய வெட்டாத கோப்பையும் சேர்த்தே வாடிக்கையாளரிடம் கொடுங்கள்.