மிக்ஸியை நிறுத்திய கரித்துண்டு

சட்னி அரைக்கும்போது மிக்ஸி நின்றுவிட்டதாகவும், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் மாமாவிடம் ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை இரவல் வாங்கி அதைச் சரிசெய்துவிட்டதாகவும் திண்டுக்கல் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். "மோட்டார் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஒரு கரித்துண்டை மாற்றியதும் எப்படி ஓடியது?" என்பது அவர் கேள்வி.

அடியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தியும் மிக்ஸி ஓடவில்லை. ஆனால் பக்கவாட்டில் தட்டினால் ஒரு நொடி ஓடி நின்றது. நல்ல தடயம் இது. மோட்டாரின் காயில் என்ற கம்பிச்சுருள் எரிந்திருந்தால் தட்டுவதால் பயனிராது. எங்கோ ஒரு தொடுகை விட்டுவிட்டுப் பிடிக்கிறது என்று அந்தப் பையன் ஊகித்தது மிகச் சரி.

மிக்ஸி மோட்டாரில் வெளியே நிலையான காயிலும், உள்ளே சுழலும் ஆர்மேச்சரும் ஒரே தொடரில் இணைந்துள்ளன. நிமிடத்துக்கு ஏறத்தாழ 18,000 சுற்று சுழலும் ஆர்மேச்சருக்குக் கம்பியை நேராக இணைத்தால் அது முறுக்கி அறுந்துவிடும். ஆகவே ஆர்மேச்சரின் தண்டில் செம்புப் பட்டைகளாலான கம்யூட்டேட்டர் என்ற வளையம் உள்ளது. அதன் இருபுறமும் இரண்டு கார்பன் பிரஷ்கள் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் உரசிக்கொண்டே மின்சாரத்தைக் கடத்துகின்றன. வளையம் சுழலச் சுழல, பிரஷ்ஷுக்கு அடியில் அடுத்தடுத்த பட்டை வந்து மின்சாரத்தை அடுத்தடுத்த சுருளுக்கு மாற்றிக்கொடுப்பதால்தான் சுழற்சி ஒரே திசையில் தொடர்கிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை நடக்கும் இந்த மாற்றத்தை ஒரு கரித்துண்டு சத்தமின்றிச் செய்வது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஏன் செம்பை விட்டுக் கரி? பிரஷ்ஷில் உள்ள கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், வழுக்கும், செம்பைவிட மென்மையானது. எனவே தேய்வது பெரும்பாலும் பிரஷ்தான், விலை உயர்ந்த ஆர்மேச்சர் தப்பிக்கிறது. பிரஷ் குட்டையாகிவிட்டால் ஸ்பிரிங்கின் அழுத்தம் எட்டாது. இரண்டில் ஒன்று விலகினாலும் தொடர் அறுந்து, மோட்டார் முழுவதும் நின்றுவிடும்.

பிளக்கைப் பிடுங்கி, மிக்ஸியைக் கவிழ்த்து, அடித்தட்டின் திருகுகளைக் கழற்றியதும் பையன் கண்டது கரிய பொடியும், ஸ்பிரிங்கில் சாய்ந்து நின்ற குட்டைத் துண்டும்தான். பழைய பிரஷ்ஷைக் கடையில் காட்டி அதே அளவில் ஒரு ஜோடி வாங்கி, இரண்டையுமே மாற்றினான். வளையத்தை உலர்ந்த துணியால் துடைத்தான். ஜார் இல்லாமல் சிறிது நேரம் ஓடவிட்டபோது முதலில் நீலப் பொறி தெரிந்து, பிறகு குறைந்தது. தட்டையான புதிய பிரஷ் முனை வளையத்தின் வளைவுக்கேற்பத் தேய்ந்து படியும்வரை அப்படித்தான் இருக்கும்.

புதிய பிரஷ் போட்ட பின்னும் பொறி குறையாமல் வளையம் முழுவதையும் சுற்றி ஓடினால், ஆர்மேச்சரின் சுருளில் பழுது இருக்கக்கூடும். அப்போது உடனே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் கொடுத்துவிட வேண்டும்.