ஒரே ஸ்வரம், கிதாரில் ஐந்து இடம்

"டேப் பார்த்தே எல்லாவற்றையும் வாசித்துவிடலாமே, அப்புறம் எதற்கு அந்த ஐந்து கோடும் குட்டிக் கொம்புகளும்?" என்று கிதார் பழகும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

அடிப்படை தெரிந்ததுதான். ஐந்து கோடுகள் கொண்ட ஸ்டாஃப் நொட்டேஷனில் புள்ளி எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது சுருதியைச் சொல்லும். அதன் வடிவம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதைச் சொல்லும். டேப் என்று சுருக்கிச் சொல்லும் டேப்லேச்சரில் ஆறு கோடுகளும் ஆறு தந்திகள். கோட்டின்மேல் இருக்கும் எண், விரல் வைக்க வேண்டிய ஃப்ரெட். 0 என்றால் எங்கும் அழுத்தாமல் மீட்ட வேண்டும்.

இப்போது ஸ்டாஃபின் மேல் இடைவெளியில் ஒரு ஈ ஸ்வரம் இருக்கிறது என்று வையுங்கள். கிதாரில் அது சுமார் 330 ஹெர்ட்ஸ். முதல் தந்தியை அழுத்தாமல் மீட்டினால் அது வரும். இரண்டாம் தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டிலும் வரும். மூன்றாவதில் 9, நான்காவதில் 14, ஐந்தாவதில் 19 என்று மொத்தம் ஐந்து இடங்கள். ஸ்டாஃபுக்கு ஐந்தும் ஒன்றுதான். காதுக்கு அப்படியில்லை, காரணம் அழகானது.

தந்தி அதிரும்போது அடிப்படை ஸ்வரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரங்களும் சேர்ந்து எழுகின்றன. ஒவ்வொரு மேற்சுரத்துக்கும் தந்தியில் அசையாத புள்ளிகள் உண்டு. அந்தப் புள்ளியிலேயே மீட்டினால் அந்த மேற்சுரம் எழவே எழாது. தந்தியின் நீளம் 65 செ.மீ., வலதுகை மீட்டுவது பாலத்திலிருந்து 13 செ.மீ. தள்ளி என்று கொள்வோம். அழுத்தாத முதல் தந்தியில் அது சரியாக ஐந்தில் ஒரு பங்கு. ஐந்து மடங்கு மேற்சுரம் காணாமல் போகும். மூன்றாம் தந்தியில் 9ஆம் ஃப்ரெட்டை அழுத்தினால் அதிரும் நீளம் 38.6 செ.மீ.தான். வலதுகை நகரவே இல்லை, ஆனால் அதே 13 செ.மீ. இப்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அடிபடுவது மூன்று மடங்கு மேற்சுரம். நான்காம் தந்தியின் 14ஆம் ஃப்ரெட்டுக்குப் போனால் மீட்டும் இடம் கிட்டத்தட்ட நடுவில் வந்துவிடுகிறது, இரண்டு மடங்கு மேற்சுரம் மெலிகிறது. இதனோடு தந்தியின் தடிமனும் சேர, முதல் ஈ பளிச்சென்றும் பிந்தையவை உருண்டையாகவும் ஒலிக்கும். அழுத்தாத தந்தியில் இடதுகை விரலால் அசைவு கொடுக்கவும் முடியாது.

டேப் இந்த ஐந்தில் எது என்று ஒரே எண்ணில் சொல்லிவிடுகிறது. ஸ்டாஃபில் தந்தி எண்ணை வட்டத்துக்குள் போட்டுச் சமாளிக்கிறார்கள். ஸ்டாஃப் படிப்பவர்தான் நிஜமான கலைஞர் என்ற மூடநம்பிக்கை எனக்குக் கிடையாது.

ஆனால் டேப் தடுமாறும் இடம் உண்டு. ஆறாம் தந்தியில் ஒரு 0, நான்கு தாளம் நீடிக்க வேண்டும். அதற்கு மேல் முதல் தந்தியில் 0, 1, 3, 1 என்று மெட்டு ஓடுகிறது. இணையத்தில் கிடைக்கும் எளிய டேப்பில் இரண்டு பூஜ்யங்களும் ஒரே மாதிரி இருக்கும். எது நீடிக்கிறது, எது உடனே நிற்கிறது? தெரியாது. லூட் என்ற பழைய தந்திக் கருவியின் டேப்களில் மேலே தாளக் கொடிகள் இருந்தன, ஆனால் அவையும் அடுத்த மீட்டல் எப்போது என்றுதான் சொல்லும். முந்தையதை எப்போது விட வேண்டும் என்பது வாசிப்பவர் பாடு. ஸ்டாஃபில் அடிக்குரலுக்குத் தண்டு கீழ்நோக்கி, மெட்டுக்கு மேல்நோக்கி. பார்த்ததும் புரியும்.

சுருதி மாற்றினாலும் டேப் கவிழும். ஆறாம் தந்தியை இரண்டு ஃப்ரெட் அளவு இறக்கிவிட்டால், 3 என்று எழுதியிருந்த ஜி இப்போது எஃப் ஆகிவிடும். ஸ்டாஃப் அப்போதும் ஜியையே கேட்கும். விரல்தான் 5க்குப் போக வேண்டும்.

சரி, ஸ்வரத்தையே குறிப்பிடாமல் எழுதினால்? அமெரிக்க இசையமைப்பாளர் மார்ட்டன் ஃபெல்ட்மன் 1950இல் தனிச் செல்லோவுக்காக எழுதிய 'புரொஜெக்ஷன் 1' அப்படிப்பட்ட வரைபடம். கட்டம் மேலே இருந்தால் உச்சப் பகுதி, நடுவில் இருந்தால் நடுப்பகுதி, கீழே இருந்தால் அடிப்பகுதி. அதற்குள் எந்த ஸ்வரமும் சம்மதம். ஆனால் வில்லால் இழுப்பதா, விரலால் சுண்டுவதா, தந்தியை லேசாகத் தொட்டு ஹார்மோனிக் எழுப்புவதா என்பதை அது தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது, எவ்வளவு நேரம் என்பதையும்.

எல்லா வரைபடமும் இப்படித் தளர்வானதில்லை. போலந்து இசையமைப்பாளர் பெண்டெரெட்ஸ்கி 1960இல் 52 தந்திக் கருவிகளுக்கு எழுதிய 'த்ரெனடி'யில் நெருக்கமான ஸ்வரக் கொத்துகள் கறுப்புப் பட்டைகளாக வருகின்றன. கால அளவு நொடிக் கணக்கில். ஒவ்வொரு கருவிக்கும் புள்ளி வைத்திருந்தால் கண்ணுக்கு எறும்புப் புற்றாகத்தான் தெரியும். பட்டை விரிந்தால் ஒலிக்கொத்தும் விரிகிறது என்று நடத்துநருக்கு ஒரே பார்வையில் தெரிகிறது.

ஃபெல்ட்மனிடம் ஒரு சிக்கல். செல்லோக்காரர் சுண்ட வேண்டிய இடத்தில் வில்லை இழுத்தால் தவறு என்று காட்டிவிடலாம். உச்சப் பகுதியில் அவர் எடுத்த ஸ்வரம் காதைக் குத்துகிறது என்றால், வரைபடத்தைக் காட்டி அவரை மறுக்க வழியில்லை.