ஒரு மணி நேரத்தில் ஹெட்போன் அணைந்தால்: தேய்ந்தது பேட்டரியா, சார்ஜைக் குடிப்பது வசதிகளா?

வயர்லெஸ் ஹெட்போனைப் பழுதுபார்க்கக் கொண்டுவருபவர்களில் பலர், ஏஎன்சி எனப்படும் இரைச்சல் நீக்க வசதிதான் சார்ஜைக் குடித்துவிடுகிறது என்று உறுதியாக நம்புகிறார்கள். அந்த வசதி கூடுதல் மின்சாரத்தை எடுப்பது உண்மைதான் என்றாலும், முப்பது மணி நேரம் ஓடும் ஹெட்போனை அதனால் இருபது மணி நேரத்துக்குக் குறைக்க முடியுமே தவிர, ஒரு மணி நேரத்துக்குக் குறைக்க முடியாது.

அண்மையில் என்னிடம் வந்த, சில ஆண்டுகள் பழகிய ஒரு ஹெட்போனின் பேட்டரியில் அதன் கொள்ளளவு 600 எம்ஏஎச் என்று அச்சிடப்பட்டிருந்தது. எல்லா வசதிகளும் இயங்கியபோது அது சுமார் ஒரு மணி பத்து நிமிடமும், இரைச்சல் நீக்கத்தை அணைத்து, ஒரே ஒரு போனுடன் இணைத்து, அதே ஒலி அளவில் வைத்தபோது ஒன்றே முக்கால் மணி நேரமும் பாடியது. வசதிகளை அணைத்ததால் கிடைத்த ஆதாயம் வழக்கமான விகிதத்திலேயே இருந்ததால், குறை வேறிடத்தில் இருப்பது தெளிவாயிற்று. யூஎஸ்பி மீட்டர் வழியாகச் சார்ஜ் செய்தபோது, இரண்டு மணி நேரம் பிடிக்க வேண்டிய சார்ஜ் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. உள்ளே போனது ஏறத்தாழ 35 எம்ஏஎச் மட்டுமே. மீட்டர் இல்லாதவர்களுக்கும், பேட்டரி இப்படி அவசரமாக நிரம்புவதே அது தேய்ந்துவிட்டதற்கு நம்பகமான அடையாளம். அறுபது சதவீதம் காட்டியது சட்டெனப் பத்துக்கு இறங்குவதும், ஒலியைக் கூட்டியதும் அணைந்துவிடுவதும், முதிர்ந்த பேட்டரியின் உள்மின்தடை ஏறிவிட்டதால் நேர்பவை.

ஆனால் வசதிகள் குற்றவாளியாக இருக்கும் ஒரு சூழ்நிலையும் உண்டு, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஒரே நேரத்தில் போனுடனும் மடிக்கணினியுடனும் இணைந்திருக்கும் ஹெட்போன், கழற்றி வைத்த பிறகும் தானாக அணையாமல், இரைச்சல் நீக்கத்தோடு இரவு முழுவதும் விழித்திருக்கக்கூடும். காலையில் எஞ்சிய சார்ஜ் ஒரு மணி நேரத்தில் தீரும்போது, பழி அந்த ஒரு மணி நேரத்தின் மீது விழுகிறது. இதை அறிய, இரவில் முழுமையாகச் சார்ஜ் ஏற்றி, வழக்கம்போலக் கழற்றி வைத்துக் காலையில் சதவீதத்தைப் பாருங்கள். மறுநாள் இரவு பொத்தானை அழுத்தி முறையாக அணைத்துவிட்டுப் பாருங்கள். முதல் நாள் பெரிதும் குறைந்து, இரண்டாம் நாள் அப்படியே இருந்தால், பேட்டரியை மாற்றத் தேவையில்லை; தானாக அணையும் நேரத்தைச் செயலியில் அமைத்தால் போதும். இரண்டு நாளும் குறைந்திருந்தால், பேட்டரியோ மின்சுற்றோ கசிகிறது என்று பொருள்.

பேட்டரியை மாற்றுவதானால், எம்ஏஎச்சை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பழையதில் மூன்று கம்பிகள் இருந்தால், மூன்றாவது பெரும்பாலும் வெப்பத்தை அளக்கும் உணரிக்கானது என்பதால், புதியதிலும் அதே வகை உணரி இருக்க வேண்டும். பழைய பேட்டரி உப்பியிருந்தால், அதை அழுத்தவோ, குத்தவோ, மறுபடி சார்ஜில் போடவோ கூடாது.