900 என்றால் எந்த 900?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவர் மாதக் கணக்கை எழுதி அனுப்பி, "இதில் எவ்வளவு சேமிக்கலாம் சார்?" என்று கேட்டிருந்தார். கைக்கு வரும் சம்பளம் 5,500. வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 2,700. ஊரில் கட்டிய வீட்டுக்கடன் தவணை 32,500. அம்மாவின் மருந்து 900. காப்பீடு வருஷத்துக்கு 1,200. எந்த எண்ணுக்குப் பக்கத்திலும் நாணயம் இல்லை.

தவணை ரூபாய்தான் என்பது பார்த்ததுமே தெரியும். எண் ரொம்பப் பெரிதாக இருந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு விதத்திலும் நம்பும்படி இருக்கும் எண்தான் ஏமாற்றும். 900 டாலர் ஊருக்கு அனுப்புகிறவர்கள் உண்டு, 900 ரூபாய்க்கு மாத்திரை வாங்கும் அம்மாக்களும் உண்டு. சம்பளம் டாலரில் இருந்ததால் நான் இதையும் டாலர் என்றே எடுத்துக்கொண்டேன்.

கணக்கு எளிதாக இருக்க, 1 சிங்கப்பூர் டாலரை 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தவணை 500 டாலர், காப்பீடு மாதத்துக்கு 100 டாலர். எல்லாம் போக மிச்சம் 1,300. பதிலை அனுப்புவதற்கு முன் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "ஒவ்வொன்றும் எந்த வங்கிக் கணக்கிலிருந்து போகிறது?"

"ரூபாயா, டாலரா?" என்று கேட்பதைவிட இந்தக் கேள்விக்கு உறுதியான பதில் வரும், ஏனென்றால் பணம் கிளம்பும் இடம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் இதிலும் ஒரு குழப்பம் வரும். வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் ஊர் வங்கியில் வைக்கும் என்.ஆர்.இ. கணக்கில் போட்ட பணம் டாலராகவே இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கணக்கு ரூபாயில்தான் இருக்கும். வெளிநாட்டு நாணயமாகவே நிற்பது எஃப்.சி.என்.ஆர். வைப்பு.

அவருடைய பதில் வந்தது. "மருந்து ஊரில் தம்பி வாங்குவான் சார், என்.ஆர்.இ. கணக்கிலிருந்து போகும்." அப்படியானால் 900 ரூபாய், சுமார் 14 டாலர். காப்பீடு டாலர்தான், ஆனால் பாலிசியைப் பிரித்துப் பார்த்தால் அமெரிக்க டாலர். $ குறி இரண்டுக்கும் ஒன்றுதானே. 1 அமெரிக்க டாலருக்கு 1.30 சிங்கப்பூர் டாலர் என்று வைத்தால் மாதம் 100 இல்லை, 130.

இப்போது மிச்சம் 2,156. முதல் கணக்கைவிட 856 டாலர் கூடுதல், ரூபாயில் 55,000-க்கு மேல். முதல் கணக்கை நம்பியிருந்தால் தவணையை முன்கூட்டி அடைக்க வழியில்லை என்று சொல்லியிருப்பேன்.

ஊரிலிருந்து கேட்பவர்களிடம் வேறு மாதிரிச் சிக்கல். "வீட்டுச் செலவு 80 ஆகுது" என்பார்கள், ஆயிரத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். கணவர் வெளிநாட்டில் இருந்தால் அந்த 80 வேறொன்றாகவும் படிக்கப்படலாம். இலங்கையிலிருந்து எழுதினால் ரூபாய் என்ற சொல்லே போதாது, இந்திய ரூபாயும் இலங்கை ரூபாயும் மதிப்பில் ஒன்றில்லை.

அதனால் இப்போது நான் அனுப்பும் படிவத்தில் தொகைக்குப் பக்கத்தில் INR, LKR, SGD, USD என்று எழுத ஒரு கட்டம் உண்டு. அது காலியாக வந்தால், கணக்கில் கைவைக்கும் முன் போன் செய்து கேட்டுவிடுகிறேன்.