நண்பகல் வெயிலும் நான்கடி நிழலும்

சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வந்து போகும். அந்த நாட்களில் நண்பகல் பன்னிரண்டே காலுக்குச் சற்று முன்பு, செங்குத்தான சுவருக்கு நிழலே இருக்காது. அந்த வெயிலில் ஒருவரை நிறுத்திப் படமெடுத்தால் நெற்றியும் மூக்குத்தண்டும் வெளுத்துப்போகும், கண்குழிகள் கருங்குழிகளாகிவிடும். சூரியன் வானத்தில் அரை டிகிரி அகலம்தான். அவ்வளவு சிறிய இடத்திலிருந்து வரும் ஒளி, புருவத்தின் நிழலைக் கத்தியால் வெட்டியதுபோல் கண்மேல் போடுகிறது.

ஆகவே சுவர் நிழலைத் தேடுகிறோம். ஏப்ரல் இறுதியில் மதியம் ஒன்றே முக்கால் மணிக்குச் சற்று முன்பு, வடக்குத் தெற்காக ஓடும் பத்தடி உயரக் காம்பவுண்ட் சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சூரியன் உச்சியிலிருந்து ஏறக்குறைய 22 டிகிரி மேற்கே சாய்ந்திருக்கும். சுவரின் கிழக்குப் பக்கம் தரையில் நான்கடி நிழல் விழும். நான்கடி தாராளம் என்று தோன்றும். பலரும் ஏமாறுவது இங்கேதான்.

நிழல் என்பது தரையில் விரித்த பாய் இல்லை. சுவரின் உச்சியிலிருந்து தரைக்குச் சரிந்து இறங்கும் ஓர் ஆப்பு அது. அடியில் நான்கடி அகலம், மேலே போகப்போகக் குறுகும். ஐந்தரை அடி உயரமுள்ளவரின் உச்சந்தலைக்கு மேல் சுவர் நாலரை அடிதான் மிச்சம். அந்த உயரத்தில் நிழலின் அகலம் இரண்டடிகூடத் தேறாது. சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நின்றால் காலும் இடுப்பும் நிழலில் இருக்கும், தலைமுடியில் வெயில் எரியும், மூக்கு நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி விழும். எனவே தரையைப் பார்த்து இடம் முடிவு செய்யாதீர்கள், தலையைப் பாருங்கள். முதுகு சுவரை ஒட்டினாற்போல் நிற்கச் சொல்லலாம். ஸ்டூலில் உட்காரவைத்தால் இன்னும் நல்லது. தலை நான்கடி உயரத்துக்கு இறங்கிவிடும், அங்கே நிழலின் அகலம் ஏறத்தாழ இரண்டரை அடி. மூன்று மணிக்கு வந்தால் இந்தத் தொல்லையே பெரும்பாலும் இருக்காது, தரை நிழல் ஒன்பதடியை எட்டியிருக்கும்.

நிழலுக்குள் வந்த முகத்துக்கு ஒளி எங்கிருந்து வருகிறது? கிழக்கு நோக்கி நிற்பவருக்கு மேற்கு வானத்தைச் சுவர் மறைத்துவிடுகிறது. எதிரே அடிவானத்திலிருந்து உச்சி வரை அரைவானம் திறந்திருக்கிறது. அரை டிகிரி விளக்குக்குப் பதிலாக அரைவானமே விளக்காவதால்தான் நிழலின் ஓரங்கள் கரைந்து, தோல் மென்மையாகத் தெரிகிறது. ஆனாலும் உச்சியிலிருந்து இறங்கும் பங்கு கண்குழியை இன்னும் கொஞ்சம் இருட்டாக்கும். அதைச் சரிக்கட்டுவது எதிரே வெயிலில் கிடக்கும் தரையும், தெருவுக்கு அந்தப் பக்கச் சுவரும். வெளிர் சிமெண்ட் தரை கீழிருந்து ஒளியைத் திருப்பி அனுப்பும், தார்ச்சாலை பெரும்பகுதியை விழுங்கிவிடும். தலைக்கு மேலே சன்ஷேடோ தாழ்வாரக் கூரையோ இருந்தால் உச்சி ஒளியும் தடைபட்டு, முன்பக்க ஒளி மட்டும் மிஞ்சும். நண்பகலில் நான் முதலில் தேடுவது அப்படி ஓர் இடத்தைத்தான். சரியாக அமைந்ததா என்று கண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம். கருவிழியில் எதிர்ச்சுவரோ வானமோ அகலமான வெள்ளைப் பொட்டாகத் தெரிய வேண்டும்.

வேப்பமர நிழலை நம்பவேண்டாம். இலை இடுக்குகள் வழியே விழும் வெயில்வட்டங்கள் கன்னத்தில் அம்மைத் தழும்புபோல் பதியும்.

திறந்த நிழல், வெயிலைவிட ஏறத்தாழ மூன்று ஸ்டாப் குறைவு. அதாவது எட்டில் ஒரு பங்கு வெளிச்சம். ISO 100, f/4, 1/250 என்று தொடங்கலாம். முகத்துக்கு இப்படி எக்ஸ்போஷர் வைத்தால், பின்னணியில் தெரியும் வெயில்பட்ட எதுவும் வெந்து வெளுக்கும். கேமராவை ஆட்டோவில் விட்டால் அந்த வெளுப்பைச் சமன்செய்யப் பார்த்து முகத்தைக் கறுக்கடித்துவிடும். ஆகவே அந்த நிழற்சுவரே பின்னணியாக வரும்படி நில்லுங்கள், மீட்டரை முகத்தில் வையுங்கள்.

கடைசிச் சிக்கல் நிறம். நீல வானத்தின் ஒளி முகத்தை நீலம் பாய்ச்சும். வைட் பேலன்ஸை ஷேடுக்கு மாற்றினால் அது தீரும். எதிர்ச்சுவரில் பச்சைப் பெயிண்ட் இருந்தாலோ தரை செம்மண்ணாக இருந்தாலோ அப்படித் தீராது. நெற்றியில் வானத்து நீலமும் தாடைக்கடியில் மண்ணின் சிவப்புமாக இரண்டு நிறம் ஒரே முகத்தில் விழும்போது, எந்த வைட் பேலன்ஸும் இரண்டையும் ஒருசேரத் திருத்தாது. நிழல் முடியும் இடத்தை அடுத்து, வெயில்படும் தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரியுங்கள், அல்லது தெர்மாகோல் ஷீட்டைப் போடுங்கள். கீழிருந்து வரும் ஒளியின் சிவப்பு பெருமளவு குறையும், கண்ணடி நிழலும் லேசாகும்.