நீர்க்கடுப்பு: வலியும் அவசரமும் ஒரே சொல்லில்

நான் வேலை பார்ப்பது ஒரு சிறிய பரிசோதனைக் கூடத்தில். மாதிரி வாங்கும் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு, ஒரே தொந்தரவை எத்தனை விதமாகச் சொல்கிறார்கள் என்பது நாள் முழுக்கக் காதில் விழும். போன மாதம் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா மகளோடு வந்தார். "நீர் கடுக்குது தம்பி, நாலு நாளா" என்றார். மகள் உடனே திருத்தினார்: "யூரின் இன்ஃபெக்‌ஷன்னு சொல்லும்மா."

இரண்டும் ஒன்றல்ல. அம்மா சொன்னது அவர் உணர்ந்ததை. மகள் சொன்னது அதற்குக் காரணமாக இருக்கக்கூடியதை. சோதனை முடிகிற வரைக்கும் அம்மாவின் சொல்தான் சரியான சொல்.

நீர்க்கடுப்பு என்பதில் 'நீர்' சிறுநீரைக் குறிக்கிறது. 'கடுப்பு'தான் கவனிக்க வேண்டிய பாதி. கடு என்ற வேரிலிருந்து கடுமை, கடுகடுப்பு, கால் கடுக்க நிற்பது என்று ஒரு குடும்பமே வருகிறது. தேள் கொட்டினால் ஏறும் வலியையும் கடுப்பு என்றுதான் சொல்வோம். இன்றைய பிள்ளைகள் "கடுப்பாகுது" என்று எரிச்சலுக்குச் சொல்வதும் இதே சொல்தான். ஆனால் நீர்க்கடுப்புக்கு நெருங்கிய உறவு வயிற்றுக்கடுப்பு. வயிற்றுக்கடுப்பு வந்தவருக்குத் தெரியும்: போக வேண்டும் என்று முடுக்கும், போனால் கொஞ்சம்தான் வரும், எழுந்து வந்த மறு நிமிடம் மறுபடி முடுக்கும். அதே சங்கடம் சிறுநீரில் வந்தால் நீர்க்கடுப்பு. வலி, எரிச்சல், திரும்பத் திரும்ப எழும் உந்துதல் எல்லாம் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டன.

மருத்துவர் சீட்டில் எழுதும் 'டிஸ்யூரியா' இவ்வளவையும் சொல்வதில்லை. அது கிரேக்கச் சொல். 'டிஸ்' என்றால் கடினம், கேடு. 'ஊரோன்' என்றால் சிறுநீர். சிறுநீர் கழிக்கையில் வலி அல்லது எரிச்சல் என்பதோடு அதன் பொருள் முடிகிறது. அடிக்கடி போவதற்கும் அடக்க முடியாத அவசரத்துக்கும் அவர்கள் வேறு சொற்களைத் தேட வேண்டியிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நம் சொல் முன்னே நிற்கிறது என்பது என் கட்சி.

பக்கத்திலேயே இருக்கும் இரண்டு சொற்களை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நீர்ச்சுருக்கு என்றால் நீர் குறைந்து, சுருங்கிப் போவது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைந்தால் வரும் அடர்மஞ்சள் நீரும் லேசான எரிச்சலும் இதில் சேரும். நாலைந்து டம்ளர் தண்ணீர் உள்ளே போனதும் அது அடங்கிவிடும். "சூடு பிடிச்சுருச்சு" என்று நாம் சொல்வதில் பாதி இதுதான். இளநீரும் வெந்தயமும் கேட்பதும் இதற்குத்தான். நீரடைப்பு என்பது வேறு: முட்டிக்கொண்டு நிற்கும், அடிவயிறு உப்பும், ஒரு சொட்டும் வராது. அதற்குக் காத்திருக்க நேரமில்லை, அப்போதே மருத்துவமனை.

இனி 'சிஸ்டைட்டிஸ்'. துணிக்கடையில் விற்பனைப் பிரிவில் நிற்கும் இருபத்தாறு வயதுப் பெண் ஒருவர் இந்தச் சொல் எழுதிய சீட்டை என்னிடம் நீட்டியபோது அவர் முகம் வெளிறியிருந்தது. "அண்ணா, சிஸ்ட்னா கட்டிதானே?" என்றார். அவருடைய அக்காவுக்குக் கருப்பையருகில் நீர்க்கட்டி இருந்து ஸ்கேன் சீட்டில் 'சிஸ்ட்' என்று பார்த்த ஞாபகம். பயந்ததில் நியாயம் உண்டு. இரண்டு சொற்களுக்கும் தாய் ஒன்றுதான். கிரேக்கத்தில் 'கிஸ்டிஸ்' என்றால் பை. நீர் நிரம்பிய பை போன்ற கட்டிக்கும் அந்தப் பெயர் போனது, சிறுநீர்ப்பைக்கும் போனது. 'ஐட்டிஸ்' என்ற வால் முதலில் 'அதைச் சேர்ந்தது' என்று மட்டும்தான் பொருள்பட்டது. 'இன்ன உறுப்பைச் சேர்ந்த நோய்' என்ற தொடரில் நோய் என்ற சொல் உதிர்ந்து வால் மட்டும் தங்கிவிட்டது. பிற்காலத்தில்தான் வீங்கிச் சிவந்து எரியும் நிலைக்கு அது அடையாளமாயிற்று.

தமிழில் இதற்குச் சிறுநீர்ப்பை அழற்சி என்கிறோம். அழல் என்றால் நெருப்பு. கிரேக்க வாலில் இல்லாத எரிச்சல் தமிழ்ச் சொல்லில் வேரிலேயே இருக்கிறது. "கட்டி இல்லம்மா, பை அழன்று போயிருக்கு, அவ்வளவுதான்" என்றதும் அந்தப் பெண்ணுக்கு மூச்சு வந்தது.

அவர் பட்டதை அப்படியே சொல்கிறேன், எளிய சிறுநீர்ப்பைத் தொற்று எப்படி இருக்கும் என்பதற்கு அது அச்சு அசலான உதாரணம். திங்கள் சாயங்காலம் லேசான குறுகுறுப்பு. செவ்வாய் காலை சிறுநீர் வரும்போது மிளகாய்ப்பொடி பட்டதுபோல் எரிச்சல், கடைசிச் சொட்டில் அது உச்சம். கால்மணி நேரத்துக்கு ஒரு தடவை ஓட்டம். போனால் இரண்டு ஸ்பூன் அளவுதான். தொப்புளுக்குக் கீழே ஒரு கனம். நீர் கலங்கலாக, நாற்றத்தோடு. காய்ச்சல் இல்லை, சாப்பாடு இறங்கியது, முதுகு வலியில்லை.

அந்த ஓட்டத்துக்குக் காரணம் எளிது. சாதாரணமாகப் பையில் 150, 200 மில்லி சேர்ந்த பிறகுதான் முதல் உணர்வு வரும். 400 மில்லிக்கு மேலும் அது தாங்கும். உள்சுவர் அழன்றுவிட்டால் சிறிது நீர் பட்டாலே நிறைந்துவிட்டதாகச் செய்தி அனுப்புகிறது. பை காலியாகத்தான் இருக்கிறது, மூளைக்கு மட்டும் தெரிவதில்லை.

தொற்று என்ற சொல்லும் இங்கே ஒரு வம்பு செய்கிறது. தொற்றுதல் என்றால் ஒட்டிக்கொள்வது, பற்றுவது. தொற்றுநோய் என்று பழகிவிட்டதால், "எந்தக் கழிப்பறையில் ஒட்டிக்கொண்டதோ" என்று ஆள் ஆளுக்குச் சந்தேகப்படுகிறார்கள். பெரும்பாலான நேரம் கிருமி வெளியிலிருந்து வருவதே இல்லை. எஸ்செரிச்சியா கோலை என்ற பாக்டீரியா நம் குடலிலேயே குடியிருக்கிறது. 1885-இல் அதை விவரித்த தியோடர் எஸ்செரிச்சின் பெயரே அதற்கு. அது ஆசனவாய்ப் பக்கத்திலிருந்து நகர்ந்து சிறுநீர்த் துவாரம் வழியே ஏறி, மயிரிழை போன்ற நீட்சிகளால் பையின் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. 'தொற்று' என்பதன் பழைய பொருள், ஒட்டுதல், இங்கே அப்பட்டமாகப் பொருந்துகிறது. பெண்களின் சிறுநீர்க் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர்தான், ஆண்களுக்கு 20 வரை. ஏறும் தூரம் குறைவு என்பதால்தான் பெண்களுக்கு இது அதிகம். சுத்தக்குறைவு என்று அவர்களைப் பழிப்பது அநியாயம்.

அந்தப் பெண் நிற்கும் துணிக்கடையில் பெண்களுக்கான கழிப்பறை மூன்றாம் மாடியில். போய் வர மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டும். கேட்பதைத் தவிர்க்க அவர் தண்ணீரையே குறைத்துக்கொண்டார். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்தது, கால் கடுப்புக்கு அது விடை. நீர்க்கடுப்புக்கு? நீர் அடிக்கடி வெளியேறினால் ஏறி வரும் கிருமியும் அதோடு அடித்துக்கொண்டு போகும். அடக்கி வைத்தால் அது பெருகச் சாவகாசம் கிடைக்கும். அடிக்கடி இந்தத் தொல்லை வந்த, குறைவாகத் தண்ணீர் குடிக்கும் பெண்களிடம், நாளுக்கு ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொல்லி நடந்த ஆய்வில், திரும்ப வருவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

என்னிடம் வருவதற்கு முன் அவர் தோழி கொடுத்த மிச்ச மாத்திரையை இரண்டு நாள் போட்டிருந்தார். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக். எரிச்சல் துளியும் குறையவில்லை. மாதிரியில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வந்தபோது காரணம் தெரிந்தது: அந்தக் கிருமி அந்த மருந்துக்கு மசியாத ரகம். நம் நாட்டில் இது இப்போது மிகச் சகஜம். மருந்துக்கடையில் கேட்டால் கிடைத்துவிடுகிறது என்பதே அதற்கு ஒரு காரணம். மாத்திரை போட்டுக்கொண்டு மாதிரி கொடுத்தால் கிருமி வளராமலேயே போய், கல்ச்சர் ஏமாற்றவும் செய்யும். முதலில் மாதிரி, பிறகு மருந்து என்பது அதனால்தான்.

மாதிரி கொடுப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. முதல் பகுதியை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் தோலின் மேல் இருக்கும் கிருமியும் கழுவி வந்துவிடும். அந்தப் பெண்ணின் ரிப்போர்ட்டில் 'பஸ் செல்ஸ்' 25-30 என்றிருந்தது. அந்த 'பஸ்' பேருந்து அல்ல, சீழ். கிருமியோடு சண்டைக்கு வந்த வெள்ளையணுக்கள். ஐந்துக்குள் இருப்பது வழக்கம். 'எபிதீலியல் செல்ஸ்' என்ற வரி எகிறியிருந்தால், பையைவிடத் தோல்தான் மாதிரியில் அதிகம் என்று பொருள், திரும்ப எடுக்கச் சொல்வோம். அவருக்கு அது 2-3 தான், மாதிரி சுத்தம்.

மருத்துவர் நைட்ரோஃபியூரன்டாயின் எழுதினார், ஐந்து நாள், சாப்பாட்டோடு. நீர் பழுப்பாக வந்தால் பயப்பட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார். இரண்டாம் நாளே எரிச்சல் விட்டது. ஐந்து நாளும் முடிக்கச் சொன்னதை அவர் முடித்தார். இந்த மருந்து சிறுநீரில்தான் திரளும், சிறுநீரகச் சதையில் போதிய அளவு சேராது. பைக்குள் இருக்கும் கிருமிக்கு நல்லது, மேலே ஏறிவிட்ட கிருமிக்குப் போதாது. எரிச்சலைத் தணிக்கும் சிரப்பும், பார்லித் தண்ணீரும், நெருஞ்சில் கஷாயமும் இதமளிக்கும். கிருமியை ஒழிக்கும் வேலை அவற்றினுடையதல்ல.

ஆரோக்கியமான இளம்பெண்ணுக்கு ஓரிரு நாள் கடுப்பு என்றால் மறுநாள் பார்க்கலாம், ஓடத் தேவையில்லை. கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி, குழந்தை, ஆண், சிறுநீரகக் கல் உள்ளவர், சிறுநீர் வெளியேறக் குழாய் பொருத்தியவர் என்றால் கடுப்பு தொடங்கிய அன்றே காட்ட வேண்டும். நீரில் ரத்தம் தெரிந்தாலும், மருந்து தொடங்கி இரண்டு நாளில் குறையாவிட்டாலும், ஆறு மாதத்தில் இரண்டாவது தடவை என்றாலும் அப்படியே. அரிப்பும் வெள்ளைப்படுதலும் சேர்ந்திருந்தால் வேறு காரணம் இருக்கலாம். அதைச் சொல்லாமல் விட்டால் தப்பான மருந்தில்தான் முடியும்.

அந்த அம்மாவுக்கு வருகிறேன். டப்பாவைக் கொடுப்பதற்கு முன் கேட்டேன்: "காய்ச்சல், நடுக்கம் இருந்துச்சாம்மா?" மகள் இல்லை என்று தலையாட்டினார். அம்மா மெல்லச் சொன்னார்: "ராத்திரி ரெண்டு போர்வை போட்டும் குளிர் விடல தம்பி. இவகிட்ட சொல்லல." பிறகு வலது கையைப் பின்னால் கொண்டுபோய், விலாவுக்குக் கீழே முதுகில் வைத்தார். "இங்க பிடிச்ச மாதிரி இருக்கு. காலையில ரெண்டு தடவ வாந்தி."

அது நீர்க்கடுப்பைத் தாண்டிய இடம். கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம் என்பதற்கான அடையாளங்கள் அத்தனையும் அவர் வாயில் வந்துவிட்டன. மாதிரியை வாங்கிக்கொண்டு, ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று மகளிடம் சொன்னேன். மகள் ஆட்டோ கூப்பிட வாசலுக்கு ஓடினார்.